உதடு பொருந்தினால் போதாது

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலை. விசைப்படகில் ஏறப்போகும் தம்பியைக் கரையில் நின்று அக்கா தடுக்கிறாள். "போவாத தம்பி. மழ வரும் போல இருக்கு. அம்மா பயப்படும்." காட்சி கற்பனைதான். ஆனால் இதுபோல ஒரு வசனம் இல்லாத தமிழ்ப் படம் அரிது. திரையில் இது மூன்றரை விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 84 ஃபிரேம். முகம் முழுத் திரையையும் நிறைக்கும் க்ளோசப். படப்பிடிப்பில் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்டால் முதலில் காதில் விழுவது படகு இன்ஜின். அதற்குப் பின்னால் அலை, மீன் ஏலம், யூனிட்டின் ஜெனரேட்டர். இத்தனைக்கும் அடியில் எங்கோ அக்காவின் குரல். அதைப் பிரித்தெடுக்க முடியாது என்று சவுண்ட் எடிட்டர் கைவிரித்துவிட்டார். எனவே மூன்று மாதம் கழித்து, கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டரில், ஏசி அறையில் நின்றுகொண்டு அந்த நடிகை அதே வசனத்தை மறுபடி பேச வேண்டும்.

இந்த மூன்றரை விநாடியை ஒழுங்காகச் செய்துமுடிக்க என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சிறு பின்னணி. 1931இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் நடிகர்கள் பேசும்போதே ஒலியும் பதிவானது. ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் அதற்கு வசதியும் இருந்தது. கேமரா வெளியே கிளம்பியபோது நிலைமை மாறியது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் தையல் மிஷின் ஓடுவதுபோல் சத்தம் போட்டன. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். டேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் "இப்ப திரும்பு, இப்ப பாரு" என்று குரல் கொடுப்பார். அந்த ஒலியைப் படத்தில் வைக்க முடியாது. அதனால் களத்தில் பதிவாகும் ஒலி, பின்னால் டப்பிங் பேச வழிகாட்டும் 'பைலட் டிராக்' மட்டுமே என்று ஆகிவிட்டது. முழுப் படத்தின் வசனமும் டப்பிங் தியேட்டரில்தான் பிறக்கும். 2001இல் இந்தியில் 'லகான்', 2004இல் தமிழில் 'விருமாண்டி' போன்ற படங்கள் களத்து ஒலியையே நம்பி எடுக்கப்பட்டன. இன்று இரண்டு வழக்கமும் அருகருகே நடக்கின்றன. களத்து ஒலியோடு எடுக்கும் படத்திலும் நம் துறைமுகக் காட்சி போன்ற சில இடங்கள் டப்பிங்குக்கு வந்தே தீரும்.

நடிகை மைக் முன்னால் நிற்கிறார். எதிரே திரையில் அந்த 84 ஃபிரேம் துண்டு. முன்பெல்லாம் இந்தத் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, புரொஜெக்டரில் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். பேசுபவர் அதை இரண்டு மூன்று சுற்று வெறுமனே பார்த்துத் தாளம் பிடித்துக்கொண்டு பிறகு பேசுவார். லூப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இப்போது கம்ப்யூட்டர் அதே வேலையைச் செய்கிறது. வசனம் தொடங்குவதற்கு முன்னால் சம இடைவெளியில் மூன்று 'பீப்' ஒலிக்கும். நான்காவது விழவேண்டிய இடத்தில் பீப் வராது. அங்கே வசனத்தின் முதல் எழுத்து விழ வேண்டும். நடனம் தெரிந்தவர்களும் பாடகர்களும் இந்த இடத்தை முதல் முறையிலேயே பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உதட்டைப் பொருத்துவது என்றால் எல்லா எழுத்தையும் பொருத்துவது அல்ல. ஒருவர் பேசும்போது நாம் பார்க்கக்கூடியது வாயின் முன்பகுதியை மட்டுமே. க, ட, ண, ர, ள எல்லாம் நாக்கும் அண்ணமும் சேர்ந்து உள்ளே செய்யும் வேலை. அவை ஒரு ஃபிரேம் முன்பின்னாக விழுந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கண் விடாமல் பிடிப்பவை ப, ம ஆகிய இரண்டையும்தான். இவற்றுக்கு இரண்டு உதடுகளும் முழுதாக மூடித் திறக்கின்றன. அடுத்தபடி வ. அதற்கும் அடுத்தபடி உ, ஒ போல உதடு குவியும் உயிரொலிகளும், ஆ போலத் தாடை இறங்கும் இடங்களும்.

நம் வசனத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேலை எளிதாகத் தெரியும். "போவாத" என்பதில் தொடக்கத்தில் ஒரு மூடல், உடனே குவியல். "தம்பி"யில் ஒரு மூடல். "மழ"யில் ஒன்று. "வரும் போல" என்பதில் முதல் சொல்லின் கடைசி ம்-உம் அடுத்த சொல்லின் போ-வும் சேர்ந்து ஒரே நீண்ட மூடல். "அம்மா"வில் ஒன்று. "பயப்படும்" என்பதில் முதல் ப ஒன்று, ப்ப ஒன்று. மொத்தம் ஏழு இடம். அனுபவமுள்ள சவுண்ட் எடிட்டர் 84 ஃபிரேமையும் அலசிக்கொண்டிருக்க மாட்டார். இந்த ஏழு ஃபிரேம்களில் குறி போட்டுக்கொள்வார். ஏழும் உட்கார்ந்துவிட்டால் இடையில் உள்ளவற்றைப் பார்வையாளரின் மூளை தானே சரிசெய்துகொள்ளும்.

எட்டாவதாக ஓர் இடம் இருக்கிறதே, கடைசியில் "பயப்படும்" என்று முடியும் ம் என்னாயிற்று என்று கேட்கலாம். டப்பிங்கில் அதிகம் சறுக்கும் இடம் அதுதான். பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசியில் வரும் ம் பெரும்பாலும் முழு ம் ஆக ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள உகரம் மூக்கால் ஒலித்து அப்படியே நின்றுவிடும். உதடு மூடாது. வீட்டில் யாரையாவது "நாளைக்கு வரும்" என்று சொல்லச் சொல்லி வாயைப் பாருங்கள், புரியும். படப்பிடிப்பில் நடிகை இயல்பாகப் பேசியதால் திரையில் அவர் உதடு பாதி திறந்தே இருக்கிறது. ஆனால் டப்பிங் தியேட்டரில் அவர் கையில் இருப்பது எழுதிய தாள். தாளைப் பார்த்துப் படிக்கும்போது வாய் தானாக எழுத்துக்கு மரியாதை கொடுத்து "பயப்படும்ம்" என்று அழுத்தி மூடுகிறது. திரையில் திறந்த வாய், காதில் மூடிய ஒலி. என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், 'டப்பிங் ஒட்டலையே' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நல்ல டப்பிங் இன்சார்ஜ் இந்த இடத்தில் தாளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பைலட் டிராக்கை மூன்று முறை காதில் போட்டுவிட்டுப் பேசச் சொல்வார்.

எவ்வளவு பிசகினால் கண்டுபிடிக்கப்படும்? இதற்கு ஒளிபரப்புத் துறையில் அளவு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட விநாடியின் ஆயிரத்தில் 45 பங்கு முந்தினாலே மனிதருக்குத் தெரியத் தொடங்குகிறது. பிந்தினால் 125 பங்கு வரை பொறுத்துக்கொள்கிறோம். ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 42 பங்கு. அதாவது ஒலி ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல் முந்தினால் உறுத்தும், மூன்று ஃபிரேம் வரை பிந்தினால் பெரும்பாலும் கவனத்துக்கு வராது. இந்த ஓரவஞ்சனைக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஒளியோ கண்ணிமைக்கும் முன்பே வந்துவிடும். தூரத்தில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பதை முதலில் பார்க்கிறோம், சத்தம் பிறகு வருகிறது. ஒலி முந்தி வருவதை நம் கண்ணும் காதும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அதனால்தான் சவுண்ட் எடிட்டர்கள் சந்தேகம் வந்தால் வசனத்தை அரை ஃபிரேம் பின்னால் தள்ளி வைப்பார்களே ஒழிய முன்னால் இழுக்க மாட்டார்கள்.

நடிகை பேசியது ஏழு இடத்தில் ஐந்தில் சரியாக விழுந்து இரண்டில் பிசகினால் மறுபடி பேச வேண்டியதில்லை. இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப என்று இரட்டிக்கும் வல்லின எழுத்துகளுக்கு நடுவே ஒரு முழு மௌனம் இருக்கிறது. நாம் உணர்வதில்லை, ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒலியின் வரைபடத்தைப் பார்த்தால் அந்த இடம் தட்டையாகக் கிடக்கும். அந்த மௌனத்தில் வெட்டினால் வெட்டு கேட்காது. "இருக்கு" என்பதில் க்க இருக்கிறது, "பயப்படும்" என்பதில் ப்ப இருக்கிறது. இரண்டு இடத்திலும் மௌனத்தை ஒரு ஃபிரேம் குறைத்தோ கூட்டியோ அடுத்த அசையை வேண்டிய இடத்தில் உட்கார வைக்கலாம். "அம்மா"வை இப்படி வெட்ட முடியாது. ம் மூக்கு வழியே ஒலித்துக்கொண்டே இருக்கும், வெட்டினால் முடிச்சு தெரியும். பைலட் டிராக்கோடு ஒப்பிட்டு டப்பிங்கைத் தானே இழுத்தும் சுருக்கியும் பொருத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. சிறு பிசகுகளுக்கு அவை அருமையானவை. ஆனால் அளவுக்கு மேல் இழுத்தால் உயிரெழுத்துகளில் ஒரு உலோகத்தன்மை ஏறிவிடும். மேலும், பைலட் டிராக்கில் படகு இன்ஜின் இரைந்துகொண்டிருந்தால் எது குரல் எது இன்ஜின் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அப்போது கையால் செய்வதே வழி.

சரி, ஏழு இடமும் பொருந்திவிட்டது. ஒரு ஃபிரேம்கூடப் பிசகவில்லை. போட்டுப் பார்க்கிறோம். அப்போதும் டப்பிங் என்று பளிச்சென்று தெரிகிறது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் இந்த இடத்தில் மறுபடி உதட்டையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். பிழை உதட்டில் இல்லை. உடம்பில் இருக்கிறது.

1911இல் எதியன் லோம்பார் என்ற பிரெஞ்சு காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார். இரைச்சலுக்கு நடுவே பேசும்போது மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். இரைச்சல் நின்றதும் குரல் தானே இறங்கிவிடுகிறது. இதற்கு லோம்பார்ட் விளைவு என்று பெயர். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமாகக் காட்டின. சத்தம் கூடுவது மட்டுமல்ல, சுருதி ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, குரலின் பலம் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல்நோக்கி நகர்கிறது. தாடை அகலமாகத் திறக்கிறது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். துறைமுகத்தில் படகு இன்ஜினை மீறிப் பேசிய அக்காவின் தாடை அந்த இரைச்சலுக்கு ஏற்ற அளவு திறந்திருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அதெல்லாம் படத்தில் பதிவாகிவிட்டது, மாற்ற முடியாது. டப்பிங் தியேட்டரிலோ பூரண அமைதி. அங்கே நிற்கும் உடம்புக்கு எதிர்த்துப் போராட எதுவும் இல்லை. நடிகை எவ்வளவு உணர்ச்சியோடு பேசினாலும் தாடை பாதிதான் திறக்கும், "அம்மா"வின் ஆ குறுகும், குரல் நெஞ்சிலிருந்து மென்மையாக வரும். இதை மிக்சிங்கில் சத்தம் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது வீண். மெதுவாகப் பேசிய குரலை எவ்வளவு ஏற்றினாலும் அது பெரிதாக ஒலிக்கும் மெதுவான குரல்தான், உரக்கப் பேசிய குரல் ஆகாது. இரண்டுக்கும் ஒலியின் அமைப்பே வேறு. ஆக, உதட்டுப் பொருத்தமும் உடம்பின் வேகமும் இரண்டு தனித்தனி வேலை அல்ல. எத்தனை ஃபிரேமில் வாய் திறந்தது என்பதோடு எவ்வளவு திறந்தது என்பதும் பொருந்தியாக வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. அந்த இரைச்சலையே நடிகையின் காதுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். துறைமுகத்தில் தனியாகப் பதிந்த படகு இன்ஜின், அலை ஒலிகளை ஹெட்ஃபோனில் தாராளமாக வைத்துவிட்டுப் பேசச் சொன்னால் குரல் தானே மேலே ஏறும். 'கத்திப் பேசுங்க' என்று பத்து முறை சொல்வதைவிட இது மேல். சொன்னதற்காகக் கத்துபவர் கத்துவதை நடிக்கிறார், இரைச்சலுக்கு நடுவே நிற்பவரோ உண்மையிலேயே கேட்கவைக்கப் பேசுகிறார். ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் ஒலி கசிந்து மைக்கில் ஏறி, எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அது மறுபடி டிராக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு நின்றவரின் வசனத்தைப் பேச முடியாது. வயிற்றுத் தசை வேறு நிலையில் இருக்கும். காட்சியில் அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்தபடி பேசுகிறாள் என்றால், தியேட்டரில் யாராவது ஒருவர் நடிகையின் எட்டாத பக்கம் நின்று கையைக் கொடுக்க வேண்டும், அல்லது நடிகை கதவுப் பிடியையாவது பற்றி இழுக்க வேண்டும். ஓடி வந்து பேசும் வசனத்துக்கு முன்னால் நின்ற இடத்திலேயே குதித்து மூச்சு வாங்கவைப்பது எல்லா டப்பிங் தியேட்டரிலும் நடக்கும். மூச்சு என்றதும் இன்னொன்று. வசனத்துக்கு முன்னால் மார்பு ஏறி இறங்குவது திரையில் தெரிந்தால் அந்த மூச்சும் ஒலியில் இருந்தாக வேண்டும். மூச்சில்லாமல் தொடங்கும் டப்பிங் வசனம், உதடு எவ்வளவு பொருந்தினாலும், யாரோ பின்னாலிருந்து பேசுவதாகவே தோன்றும். வேலை நாளைத் திட்டமிடும்போது கத்தல், அழுகைக் காட்சிகளைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். காலையில் ஒரு சண்டைக் காட்சிக்குத் தொண்டையைக் கொடுத்துவிட்டால் மாலையில் தாலாட்டுப் பேச்சுக்குக் குரல் மிஞ்சாது.

முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்னும்போது இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. தென்னிந்தியப் படங்களில் இது நெடுநாள் வழக்கம். 1993இல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' இதற்கு உச்சமான உதாரணம். ஷோபனா நடித்த கங்கா என்ற பெண் இயல்பாகப் பேசும் இடங்களுக்குப் பாக்யலட்சுமி குரல் கொடுத்தார். அவளுக்குள்ளிருந்து தமிழ் பேசும் நாகவல்லி வெளிப்படும் இடங்களுக்குக் குரல் தமிழ் டப்பிங் கலைஞரான துர்காவுடையது. ஒரே முகம், ஒரே தொண்டை நரம்பு, இரண்டு குரல். ஷோபனாவின் கண்ணிலும் தாடையிலும் இருந்த ஆவேசத்துக்குச் சற்றும் குறையாத குரல் கிடைத்திராவிட்டால் அந்தக் காட்சி சிரிப்பாகப் போயிருக்கும். ஷோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. நாகவல்லியின் குரல் துர்காவுடையது என்பதை இயக்குநர் பாசில் வெளிப்படையாகச் சொன்னதோ இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். திரையில் பெயர் போடுவதற்கு ஒரு வரிதான் தேவைப்படுகிறது. அந்த ஒரு வரியை மறுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

குரல் கிடைத்துவிட்டது. அடுத்தது அது எந்த இடத்தில் பேசப்பட்டது என்ற கேள்வி. ஒவ்வொரு டப்பிங் தியேட்டரிலும் விலையுயர்ந்த ஒரு பெரிய மைக் இருக்கும். அதற்கு அரை அடி தூரத்தில் நின்று பேசினால் குரல் கம்பீரமாக, வானொலி அறிவிப்பாளர் குரல்போலக் கேட்கும். பேசியவருக்கும் பிடிக்கும். அதுவே காட்சிக்கு விஷம். இந்த வகை மைக்குகளை நெருங்க நெருங்கக் குரலின் அடி ஸ்தாயி செயற்கையாகப் பெருக்கும். வெட்டவெளியில் நின்று பேசும் யாருடைய குரலும் நம் காதுக்கு அப்படி வந்து சேர்வதில்லை. படப்பிடிப்பில் நீண்ட குச்சியில் கட்டிய பூம் மைக், நடிகையின் தலைக்கு மேல் இரண்டு மூன்று அடி தள்ளித்தான் இருந்திருக்கும். எனவே டப்பிங்கிலும் அதே வகை மைக்கை, அதே போல நெற்றிக்கு மேலிருந்து, அதே தூரத்தில் வைத்துப் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. உடையில் குத்தும் சிறு மைக்கில் எடுத்த காட்சி என்றால் டப்பிங்கிலும் ஒன்றை நெஞ்சில் குத்திவிட வேண்டும். எது காட்சியோடு ஒட்டுகிறது என்று பின்னால் தேர்ந்துகொள்ளலாம் என்பதற்காக இரண்டையும் சேர்த்தே பதிவது நல்ல வழக்கம்.

தியேட்டர் அறையும் ஒரு குணத்தைச் சேர்க்கும். சிறிய அறைகளில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குரலோடு கலந்து ஒரு பெட்டிக்குள்ளிருந்து பேசும் தொனியைக் கொடுக்கும். எதிரொலி இல்லாத குரலுக்குப் பின்னால் எதிரொலி சேர்ப்பது எளிது. சேர்ந்துவிட்டதை நீக்குவது மிகக் கடினம். அதிலும் நம் துறைமுகக் காட்சி திறந்தவெளி. அங்கே சுவரே இல்லை. இந்த வசனத்துக்கு எதிரொலி சேர்த்து 'பிரம்மாண்டம்' காட்டினால் அக்கா கடற்கரையிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுவாள்.

துறைமுகக் காட்சிக்கு அலை, இன்ஜின், காகம், ஏலக் குரல் எல்லாவற்றையும் தனித்தனியே புதிதாகக் கட்டிவிடலாம். அத்தனை ஒலி இருக்கும் இடத்தில் குரலைச் சுற்றிய சிறு குறைகள் மறைந்துவிடும். உண்மையான சோதனை அமைதியான காட்சியில்தான். அதே படத்தில் அடுத்து வரும் காட்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் அம்மாவும் அக்காவும் பேசுகிறார்கள். களத்து ஒலி நன்றாக வந்திருக்கிறது, ஒரே ஒரு வரி மட்டும் தெருவில் போன லாரி ஹாரனால் கெட்டுவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் டப்பிங் செய்து செருகுகிறோம்.

செருகியதும் ஒரு பள்ளம் தெரியும். அந்த வரி வரும்போது மட்டும் உலகமே மூச்சை நிறுத்தியதுபோல இருக்கும். காரணம், சமையலறையில் அமைதி என்று நாம் நினைத்தது அமைதியே அல்ல. ஃபிரிட்ஜின் முனகல், மின்விசிறியின் காற்று, ஜன்னலுக்கு வெளியே தெரு என எல்லாம் சேர்ந்த ஒரு மெல்லிய படலம் ஒவ்வொரு வசனத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ரூம் டோன் என்கிறார்கள். டப்பிங் செய்த வரிக்கு அடியில் அது இல்லை. குரல் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அடியில் படலம் அறுபட்டால் காது உடனே விழித்துக்கொள்ளும்.

இதற்காகத்தான் படப்பிடிப்பு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெறும் அறையைப் பதிவு செய்கிறார். லைட்டுகள் எரிய வேண்டும், ஆட்கள் உள்ளேயே இருக்க வேண்டும், மைக் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும். அறை காலியானால் அதன் தொனியே மாறிவிடும். இதைப் பதியாமல் விட்டுவிட்டால் எடிட்டர் அந்த டேக்கிலேயே தேடுவார். 'ஆக்‌ஷன்' என்ற சொல்லுக்கும் முதல் வசனத்துக்கும் நடுவே இரண்டு விநாடி கிடைக்கலாம், இரண்டு பேச்சுக்கு இடையே ஒரு விநாடி கிடைக்கலாம். அவற்றை ஒட்டி நீட்டுவார். அப்படி ஒட்டிய துண்டில் ஒரு காகம் கரைந்திருந்தால் போச்சு. மூன்று விநாடிக்கு ஒருமுறை அதே காகம் அதே குரலில் கரையும், கொஞ்ச நேரத்தில் பார்வையாளர் காகத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு நுணுக்கம், ரூம் டோன் அறைக்கு ஒன்று அல்ல, ஷாட்டுக்கு ஒன்று. அம்மாவை எடுத்தபோது மைக் ஜன்னல் பக்கம் பார்த்திருக்கும், தெரு அதிகம் கேட்கும். அக்காவை எடுத்தபோது ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்திருக்கும். கெட்டுப்போன வரி அக்காவுடையது என்றால் அக்கா ஷாட்டின் டோனைத்தான் அடியில் வைக்க வேண்டும். அதையும் வரி தொடங்கும் இடத்தில் சட்டென்று நுழைக்காமல், சற்று முன்பே மெல்ல ஏற்றி, வரி முடிந்து சற்றுப் பின்பு மெல்ல இறக்க வேண்டும். சரியாகச் செய்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. படத்தை அணைத்துவிட்டு, சத்தத்தை வழக்கத்தைவிட அதிகமாக வைத்து, வசனத்தைக் கேட்காமல் அதன் பின்னணியை மட்டும் கேளுங்கள். படலம் எங்காவது மாறுகிறதென்றால் ஒட்டு அங்கே இருக்கிறது. டி.வி.யில் அடுத்த முறை படம் பார்க்கும்போது கண்ணை மூடி இதை முயன்று பாருங்கள். டப்பிங் வரிகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

இத்தனை செய்தும் தோற்கும் இடங்கள் உண்டு. பெரிதும் தோற்பது அழுகையில். அழுகிறவருக்குக் குரல்வளை தன் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த அசையில் குரல் உடையும், எங்கே மூச்சு தடுக்கும் என்று அவரே அறியார். அந்த உடைசல்கள் எல்லாம் உதட்டிலும் கன்னத்திலும் ஃபிரேம் ஃபிரேமாகப் பதிவாகியிருக்கும். மூன்று மாதம் கழித்து அதே அசையில் அதே போல உடைந்து காட்டுங்கள் என்று கேட்பது, கிட்டத்தட்ட முடியாததைக் கேட்பது. கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, களத்து ஒலியையே வைத்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் முடிவு செய்தால் அது பெரும்பாலும் சரியான முடிவு. பார்வையாளர் இரைச்சலை மன்னிப்பார், பொய்யழுகையை மன்னிக்க மாட்டார்.

அதனால் நல்ல சவுண்ட் எடிட்டர் டப்பிங் தேதி கேட்பதற்கு முன் வேறொன்றைச் செய்வார். அதே ஷாட்டின் மற்ற டேக்குகளைத் தோண்டுவார். படத்தில் இருப்பது நான்காவது டேக் என்றால், இரண்டாவது டேக்கில் லாரி ஹாரன் இல்லாத அதே வரி இருக்கலாம். முழு வரி கிடைக்காவிட்டாலும் "அம்மா" மட்டும் மூன்றாவது டேக்கிலிருந்து, "பயப்படும்" ஐந்தாவதிலிருந்து என்று சேர்த்துவிடலாம். அதே அறை, அதே மைக், அதே ஃபிரிட்ஜ், அதே நாளின் உடம்பு. டப்பிங்கில் நாம் பாடுபட்டு உருவாக்கும் எல்லாமே அங்கே இலவசமாக இருக்கின்றன.

இதைவிட எளிதான வழியும் படப்பிடிப்புத் தளத்திலேயே இருக்கிறது. ஷாட் ஓகே ஆனதும், ஒலி கெட்டுவிட்டது என்று ஒலிப்பதிவாளருக்குத் தெரிந்தால், கேமரா இல்லாமல் அந்த வசனத்தை மட்டும் அங்கேயே இரண்டு மூன்று முறை பேசச் சொல்லிப் பதிந்துகொள்ளலாம். வைல்ட் டிராக் என்பார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, மைக்கை இன்னும் அருகில் கொண்டுபோய், நடிகையின் மூச்சு இன்னும் அடங்காதபோதே எடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடம்தான் தளத்தில் கிடைப்பதில்லை. ஷாட் ஓகே என்றதும் லைட்மேன்கள் ஸ்டாண்டைத் தூக்கத் தொடங்கிவிடுவார்கள், வெயில் போய்க்கொண்டிருக்கும், உதவி இயக்குநர் அடுத்த ஷாட்டுக்கு ஆளைக் கூப்பிடுவார், ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கியபடி ஓரத்தில் நிற்பார். 'டப்பிங்ல பாத்துக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். அப்போது இயக்குநர் ஒருவர் மட்டும் திரும்பி, 'எல்லாரும் ரெண்டு நிமிஷம் அமைதியா இருங்க, அவருக்கு வைல்ட் எடுக்கணும்' என்று சொல்லிவிட்டால் போதும். மூன்று மாதம் கழித்து ஒரு நடிகையும், ஒரு சவுண்ட் எடிட்டரும், ஒரு டப்பிங் இன்சார்ஜும் அரை நாள் போராடுவது மிச்சமாகும்.